புதிய குழுவில் நினைவில் நிற்கும் அறிமுகம்

கேள்வி: புதிதாகச் சேர்ந்த குழுவில் என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டால் மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்?

உங்களைப் பற்றி மற்றவர்கள் மனத்தில் படமாகப் பார்க்கக்கூடிய ஒரு செய்தியையும், அவர்கள் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் பெயருடன் சேர்த்துச் சொல்வதே நல்ல அறிமுகம்.

பெயர் மட்டும் ஏன் நிற்பதில்லை? 1987இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் ‘பேக்கர்’ போன்ற ஒரே ஆங்கிலச் சொல்லைக் குடும்பப் பெயராகச் சொன்னதைவிட, தொழிலாகச் சொன்னபோது பங்கேற்றவர்கள் எளிதாக நினைவுகூர்ந்தனர். ரொட்டி சுடும் தொழில் என்றதும் அடுப்பு, மாவு, மணம் என ஏற்கெனவே அறிந்தவை துணைக்கு வருகின்றன. பெயருக்கு அப்படி எதுவும் வருவதில்லை. ஆணி இல்லாத சுவரில் சட்டையை மாட்ட முடியாததைப் போன்றது இது.

மாடித்தோட்டக் குழு ஒன்றில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “நான் குமார், வங்கியில் பணி, செடிகள் மீது ஆர்வம்” என்பது அங்குள்ள பாதிப் பேருக்குப் பொருந்தும். மாறாக, “நான் குமார். மூன்றாவது மாடியில், பழைய பெயின்ட் வாளியில் பாகல் வளர்க்கிறேன். ஆண் பூக்களாகவே பூத்து உதிர்கின்றன. பெண் பூ வர எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?” என்றால், பாகல் வளர்த்த ஒருவராவது கட்டாயம் பதில் சொல்வார். பதிலுக்காக யோசித்தவர், கேட்டவரை எளிதில் மறப்பதில்லை. பிறகு காய் பிடித்ததா என்று அவரே விசாரிக்கவும் கூடும். என் பார்வையில், இரண்டில் கேள்விக்கே வலிமை அதிகம்.

படிப்பு, பதவி, விருது என நிறையச் சொன்னால் நன்றாகப் பதியும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன.