அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் மேலாளரின் பணி ஓய்வு விழாவில் என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பாதியில் சொல்ல வந்தது மறந்துவிட்டது. குரல் நடுங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து படுத்தால் அதே காட்சிதான். முகம் வெளிறி, வேர்த்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பது தெரிகிறது. 'உனக்கெல்லாம் எதுக்கு மைக்கு' என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அடுத்த வாரம் ஒரு திருமண வரவேற்பு. போகாமல் இருந்துவிடலாமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

'நான் நிற்பது தெரிகிறது' என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. பேசும்போது உங்களுக்குத் தெரிந்தது எதிரே இருந்த கூட்டம். உங்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வழியே இல்லை. நெஞ்சு படபடத்தது, காது சூடானது, நாக்கு உலர்ந்தது. இதையெல்லாம் வைத்து, வெளியே இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று மனம் வரைந்த படம் அது.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல் இதை விளக்கினார்கள். நாலு பேர் நடுவில் பதறுபவருக்குக் கவனம் எதிரில் இருப்பவர்களை விட்டுத் தன் உடம்புக்குள் திரும்பிவிடுகிறது. அப்புறம் வீட்டுக்கு வந்து அசைபோடும்போது கையில் இருப்பதும் அந்தப் பதற்றம் மட்டும்தான். அதனால் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த இருவர் எதற்குச் சிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இரவில் மனம் அதற்கும் ஒரு காரணம் எழுதிவிடுகிறது.

இதற்குச் சிகிச்சையில் ஒரு வழி உண்டு. விழாவை யாராவது போனில் எடுத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை விநாடி பேசாமல் நின்றேன், குரல் நடுக்கம் 100-க்கு எவ்வளவு, முகம் எப்படி இருக்கும். எழுதாமல் பார்த்தால் பழைய கூச்சம் திரும்ப வந்து, பார்ப்பதையும் அதுவே நிரப்பிவிடும். பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் பேசுவதைப் பார்ப்பது போலப் பாருங்கள். அன்று என்ன உணர்ந்தீர்கள் என்பது கணக்கில் வேண்டாம், கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது மட்டும் போதும். மௌனத்தைக் கடிகாரம் வைத்து அளந்து தாளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் எழுதியது கூடுதலாகவே இருக்கும். நடுக்கம் உண்மையிலேயே கேட்டால், அது எந்த வாக்கியத்தில் கேட்டது என்றாவது தெரிந்துவிடும். 'உனக்கெல்லாம் எதுக்கு' என்ற வசவிலிருந்து அது கிடைக்காது.

சக ஊழியர்களிடம் 'ரொம்ப மோசமா இருந்துச்சா?' என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். இல்லை என்பார்கள், நீங்கள் நம்ப மாட்டீர்கள், அன்றிரவு அதையும் சேர்த்து ஓட்டுவீர்கள்.

வரவேற்புக்குப் போய்விடுங்கள். போகாவிட்டால் அந்தப் படத்தைப் பொய் என்று காட்ட வேறொன்றும் மிஞ்சாது. அங்கே பேசுகிறவர் சொல்வதிலேயே காதை வையுங்கள்.

இது மாதக்கணக்கில் நீண்டு, விழாக்களை ஒவ்வொன்றாகத் தவிர்க்க ஆரம்பித்தால் ஓர் உளவியல் நிபுணரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.