“எனக்குக் கணக்கு மூளையே இல்லைம்மா” என்னும் மகளுக்கு எதை வளர்ப்பது?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5இல் படிக்கிறாள். கணக்குச் சோதனைத் தாள் கைக்கு வந்தாலே “எனக்குக் கணக்கு மூளையே இல்லைம்மா” என்கிறாள். குரோத் மைண்ட்செட் வளர்க்க வேண்டும் என்று ஒரு பெற்றோர் பயிலரங்கில் சொன்னார்கள். தன்னம்பிக்கைதான் குறைவு என்கிறார் டியூஷன் ஆசிரியர். எப்போதும் தாளைத்தான் குறை சொல்கிறாள், பொறுப்பே வரவில்லை என்கிறார் என் கணவர். இந்த மூன்றில் எதைப் பிடிப்பது? இரண்டு நாள் மைண்ட்செட் முகாமுக்கு 380 வெள்ளி கேட்கிறார்கள், சேர்க்கலாமா? – ஈசூன் வாசகி

பதில்: முகாமுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அந்த இரண்டு நாளை எப்படிச் செலவிடலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

மூவரும் உங்களிடம் சொன்னவை மூன்று வெவ்வேறு கேள்விகளைப் பற்றியவை. திறமை என்பது மாறக்கூடியதா? இதுதான் உளவியலாளர் கரோல் டுவெக் எழுப்பிய கேள்வி. குரோத் மைண்ட்செட், அதாவது வளர்ச்சி மனப்பான்மை என்பது அதற்கு “ஆம்” என்று நம்புவது. என் எதிரே இருக்கும் இந்த வேலையை என்னால் செய்ய முடியுமா? இது ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கை. நடப்பதைத் தீர்மானிப்பது நானா, எனக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்றா? இது ஜூலியன் ராட்டர் சொன்ன கட்டுப்பாட்டு மையம். அவருடைய புகழ்பெற்ற அளவுகோல் 1966இல் வந்தது.

ஒரே பிள்ளை இந்த மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். “உழைத்தால் யாருக்கும் மூளை வளரும்” என்று மனதார நம்பும் பிள்ளை, பின்னக் கணக்கைப் பார்த்ததும் “இது எனக்கு வராது” என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். அவளுக்கு மூளையைப் பற்றி எத்தனை படம் போட்டுக் காட்டினாலும் அந்தக் கணக்கு நகராது. உங்கள் மகளின் வாக்கியத்தில் “மூளை” என்ற சொல் இருப்பதால் எல்லாரும் முதல் கேள்வியையே பிடித்துக்கொள்கிறார்கள். அவள் எந்த நேரத்தில் அதைச் சொல்கிறாள் என்று பாருங்கள். தாள் கைக்கு வரும்போது சொல்கிறாள். எனக்கு அது இரண்டாம் கேள்வியாகவே படுகிறது.

வளர்ச்சி மனப்பான்மை பொய்யான கருத்து அல்ல. டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், “நீ புத்திசாலி” என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து ஒரு தோல்வியைச் சந்தித்ததும் சோர்ந்தார்கள். முயற்சியைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் அந்த அளவுக்குச் சோரவில்லை. அதிலிருந்து “மனப்பான்மையை மாற்று, மதிப்பெண் தானாக ஏறும்” என்ற இடத்துக்குப் போனது விளம்பரத்தின் வேலை. மனப்பான்மையை மாற்றும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை 2018இல் சிஸ்க் குழுவினர் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி விளைவு 0.08 திட்டவிலக்கம். திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. ஒரு வகுப்பில் மதிப்பெண்களின் திட்டவிலக்கம் 15 என்றால், இது ஏறக்குறைய ஒரு மதிப்பெண். இங்கிலாந்தில் ஏறத்தாழ 100 தொடக்கப்பள்ளிகளில் நடத்திய சோதனையின் முடிவு 2019இல் வந்தது. பயிற்சி பெற்ற பள்ளிகளின் மாணவர்கள் கணக்கிலோ மொழியிலோ கூடுதலாக முன்னேறவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், மதிப்பெண் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் மதிப்பெண் சராசரி 4 புள்ளி அளவில் 0.1 புள்ளி கூடியது. சிறிய பலன்தான், ஆனாலும் உண்மையான பலன். அந்தப் பயிற்சி மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கணினி முன் உட்கார்ந்து செய்தது. ஆகவே அது மலிவாகக் கிடைத்தால் நல்லது, 380 வெள்ளிக்கு வாங்க வேண்டியதில்லை.

டியூஷன் ஆசிரியர் சொன்னது உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் பொதுவான தன்னம்பிக்கை வேறு, பண்டூரா சொன்னது வேறு. அவர் சொன்னது ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றிய நம்பிக்கை. பரதம் ஆட மேடை ஏறப் பயப்படாத பிள்ளைக்குச் சதவிகிதக் கணக்கில் அது இல்லாமல் இருக்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் வலிமையானது. “உன்னால் முடியும்மா” என்று நாம் வீட்டில் சொல்வது மூன்றாவது. அடுத்த தாளில் தோற்றதும் அது கரைந்துவிடும்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தன்திறன் நம்பிக்கை உள்ளவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதை, நம்பிக்கை வந்தால் மதிப்பெண் வரும் என்று பலர் படித்துவிடுகிறார்கள். எது முந்தி வருகிறது என்பதை 2018இல் டால்ஸ்மா குழுவினர் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பிக்கை மதிப்பெண்ணை உயர்த்துவதைவிட, மதிப்பெண் நம்பிக்கையை உயர்த்துவதே வலுவாகத் தெரிந்தது. அதாவது, கணக்கைப் போட வைக்காமல் நம்பிக்கையை மட்டும் ஏற்ற முடியாது.

இப்போது அந்த இரண்டு நாள். அவளுடைய பள்ளித் தாள்களிலிருந்து நான்கு வகைக் கணக்குகளைப் பொறுக்குங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து. ஒவ்வொரு கணக்கையும் வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் காட்டி மூடிவிடுங்கள். “இதைச் சரியாகப் போட்டுவிடுவேன் என்று எவ்வளவு உறுதி?” என்று கேட்டு, 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எல்லா எண்களையும் குறித்த பிறகு, அவசரம் இல்லாமல் போட வையுங்கள்.

தாள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னக் கூட்டலில் உறுதி 80, ஐந்தில் நான்கு சரி. அங்கே செய்ய ஒன்றுமில்லை. சதவிகிதத்தில் உறுதி 30, ஆனால் ஐந்தில் நான்கு சரி. முக்கோணப் பரப்பளவில் உறுதி 90, ஐந்தில் ஒன்றுதான் சரி. “மீதியில் இத்தனை பங்கு” என்று கேட்கும் மீதிப் பின்னக் கணக்கில் உறுதி 10, ஒன்றுகூடச் சரியில்லை.

“கணக்கு மூளை இல்லை” என்ற ஒரே வாக்கியத்துக்குள் இத்தனை வேறுபாடு ஒளிந்திருக்கிறது. சதவிகிதத்தில் அவளுக்குத் திறமை இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை. அவள் சொன்ன 30ஐயும் அவள் கையால் போட்ட நான்கு சரியான விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஊக்கப் பேச்சு வேலை செய்யும் இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் கையில் சான்று இருக்கிறது. முக்கோணத்தில் நிலைமை தலைகீழ். சாய்ந்த பக்கத்தையே உயரமாக எடுத்துக்கொள்கிறாள், சரி என்றும் நினைக்கிறாள். நம்பிக்கை அதிகமாக இருப்பதால் அந்தப் பகுதியைத் திருப்பிப் பார்க்கவே மாட்டாள். அங்கே நம்பிக்கையை ஊட்டினால் கெடுதல்தான்.

மீதிப் பின்னம்தான் உண்மையான இடைவெளி. மாலா தன் பணத்தில் 2/5 பங்குக்குப் புத்தகம் வாங்கினாள், மீதியில் 1/3 பங்குக்குப் பேனா வாங்கினாள், கையில் 24 வெள்ளி இருந்தது, முதலில் எவ்வளவு? பிள்ளைகள் பலர் 2/5ஐயும் 1/3ஐயும் கூட்டி 11/15 என்று எடுத்து, மிச்சம் 4/15 என்பது 24, ஆகவே விடை 90 என்று போடுவார்கள். எண் அழகாக வருவதால் தவறு என்றே தோன்றாது. 90ஐ வைத்துத் திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்: புத்தகத்துக்கு 36 போனால் மீதி 54, அதில் மூன்றில் ஒரு பங்கு 18 போனால் 36 வருகிறது, 24 வரவில்லை. 1/3 என்பது முழுப் பணத்தில் அல்ல, மீதியில் என்பதை அவளே பிடிப்பாள். பிறகு ஐந்து கட்டம் வரையட்டும். இரண்டை அடித்தால் மூன்று மிச்சம். அந்த மூன்றில் ஒன்று பேனாவுக்கு. எஞ்சிய இரண்டு கட்டம் 24, ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60.

ஒரு நாளைக்கு இந்த வகையில் மூன்று கணக்கு போதும். முதல் நாட்களில் கட்டத்தை நீங்களே வரைந்து கொடுங்கள், பிறகு அவள் வரையட்டும், கடைசியில் எண்களை மாற்றிக் கொடுங்கள். பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் கழித்தலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 42 பக்கப் பாடம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மொத்தத்தையும் முடிப்பதே இலக்கு; இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம். கிட்டத்து இலக்கு பெற்ற பிள்ளைகள்தான் கழித்தலிலும் நம்பிக்கையிலும் முன்னே போனார்கள். பிஎஸ்எல்இயில் ஏஎல் 1 என்ற இலக்கு இந்த வயதில் அந்த 42 பக்கம் போன்றது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ராட்டரின் அளவுகோல் பொதுவான எதிர்பார்ப்பை அளப்பது. பழகாத, தெளிவில்லாத சூழலில்தான் அதற்கு அதிக எடை. ஆண்டுக்கணக்கில் கணக்குத் தாள் எழுதும் பிள்ளைக்கு அந்தத் தாளைப் பற்றிய சொந்த அனுபவமே பேசும். எல்லாம் தன் கையில் என்று நம்புவது எப்போதும் நல்லது, வெளியே காரணம் சொல்வது எப்போதும் கெட்டது என்று பிரிக்கக்கூடாது என ராட்டரே 1975இல் எச்சரித்தார். “தாள் கஷ்டம்” என்பது சில நேரம் உண்மை. “எல்லாம் உன் கையில்தான்” என்று நாம் அழுத்தினால், ஏற்கெனவே மூளை இல்லை என்று நம்பும் பிள்ளைக்குத் தோல்வி முழுவதும் தன் குற்றமாகிவிடும். தாள் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இன்னும் கற்பிக்காதது, கற்றும் புரியாதது, நேரம் போதாதது, கவனக்குறைவு. முதல் வகை அவள் பொறுப்பே அல்ல. மற்ற மூன்றுக்கும் மூன்று வேறு வேலை இருக்கிறது.

பாராட்டு பற்றியும் ஒரு சொல். “நல்லா முயற்சி பண்ணினே” என்று தவறான விடைக்குச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். டுவெக்கே 2015இல் இதைக் கண்டித்து எழுதினார். முயற்சி கற்றலில் முடியவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும். “இந்த முறை கட்டத்தை வரைந்த பிறகு எண்ணைத் தொட்டாய், அதனால் வந்தது” என்பது அவளுக்கு உதவும்.

நான்கு வாரம் கழித்து அதே அளவீட்டைப் புதிய கணக்குகளில் செய்யுங்கள். சரியான விடைகள் கூடி, அவள் சொல்லும் எண் மட்டும் ஏறாமல் இருந்தால் பொறுங்கள், அது பின்தங்கித்தான் வரும். எண் ஏறி விடை ஏறாவிட்டால் கற்பித்தலை மாற்றுங்கள். இரண்டும் அசையவில்லை என்றால், அல்லது எளிய பெருக்கல் வாய்ப்பாட்டிலும் நேரத்தைப் படிப்பதிலும்கூடத் தடுமாறினால், அது மனப்பான்மை சம்பந்தப்பட்டதாக இல்லாமல் கற்றல் சிரமமாக இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் இந்தத் தாள்களையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சோதனைக்கு முன் வயிற்றுவலி, தூக்கமின்மை என்று வந்தால் பள்ளி ஆலோசகரிடம் அதைத் தனியாகப் பேசுங்கள்.