சுக்கா கட்டும் வாரத்தில் எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

கேள்வி: "அக்கா, எருசலேமில் 86 வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர். அடுத்த வாரம் பால்கனியில் குடிசை போட வேண்டும், ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்தான் என்று அவருடைய மகன் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்? அந்த வாரம் விடுமுறை கிடைக்குமா? குளிர் எப்படி? எனக்குச் சொந்த ஊர் தக்கலை."

தம்பி, விடுமுறைக்கு உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தப் பால்கனியைப் பற்றித்தான். யூதர்கள் கூடாரப் பண்டிகைக்குப் போடும் அந்தக் குடிசைக்குத்தான் சுக்கா என்று பெயர். புதிதாக வரும் நம் ஆட்கள் கெட்ட பெயர் வாங்கிக்கொள்வது அங்கேதான்.

நம் பக்கத்து ஆண்களுக்குப் பந்தல் போடத் தெரியும். இங்கே அந்தத் திறமைதான் முதல் ஆபத்து. கம்பை நிறுத்தி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மழை வந்தால் பெரியவர் நனைந்துவிடுவாரே என்ற நல்லெண்ணத்தில் மேலே ஒரு தார்ப்பாயையும் விரித்துவிடுவீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் உட்கார்ந்து பெரியவர் ஒரு வாய் ரொட்டி சாப்பிடமாட்டார்.

சுவரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பலகை, துணி, வீட்டின் சொந்தச் சுவர் எதுவானாலும் சரி. இரண்டு பக்கம் முழுதாகவும் மூன்றாவது பக்கத்தில் கொஞ்சமும் இருந்தாலே இவர்கள் மதச் சட்டப்படி போதும். பெரும்பாலான வீடுகளில் இரும்புக் குழாயும் துணியும் கொண்ட மடக்குச் சட்டம் ஒன்று ஸ்டோர் ரூமில் கிடக்கும். அந்தப் பையின் அடியில் நீளமான பட்டைகள் சில இருக்கும். மூட்டை கட்ட வைத்தவை என்று நினைத்து அவற்றை ஓரமாக எறிந்துவிடாதீர்கள். காற்றில் படபடக்கும் துணியைச் சுவர் என்று இவர்கள் ஏற்பதில்லை. ஆகவே தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை, ஒரு சாணுக்கு ஒன்றாக அந்தப் பட்டைகளைக் குழாயோடு சுற்றி இழுத்துக் கட்டுகிறார்கள். இடைவெளி 24 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அந்தப் பட்டைகளே சுவராகக் கணக்கில் வரும். துணி வெறும் மறைப்பு.

உண்மையான விஷயம் கூரை. அதை ஸ்காக் என்பார்கள். மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும், வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும், உண்ணும் பொருளாகவோ ஏற்கெனவே ஒரு பாத்திரமாகவோ தட்டுமுட்டுச் சாமானாகவோ இருக்கக் கூடாது. பேரீச்ச மட்டை ஆகும், மூங்கில் ஆகும், சீவாத மரச்சட்டம் ஆகும். உங்கள் அறையில் விரித்துப் படுக்கும் கோரைப்பாய் ஆகாது. அது புல்தான் என்றாலும் படுப்பதற்காக நெய்தது. கடையில் இதற்கென்றே மூங்கில் பாய் விற்கிறார்கள், யூத மதகுருக்களான ரப்பிமாரின் சான்றிதழ் ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் மகனிடம் கொடுத்துவிடுங்கள். பாயைக் கோத்திருக்கும் இழை நைலானா, கம்பியா, நூலா என்று அவர் பார்ப்பார்.

பாயை இரும்புக் குழாயின் மேல் நேரடியாக வைக்கமாட்டார்கள். குழாயின் மேல் குறுக்காக மரச்சட்டம் போட்டு, அதன் மேல்தான் பாய். பிளாஸ்டிக் டையால் இறுக்கினால் காற்றுக்கு நிற்கும் என்று உங்கள் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்குவதும் பிடித்து வைப்பதும்கூட அதே மாதிரிச் சாமானாக இருப்பதே நல்லது என்பது இவர்கள் கணக்கு. எருசலேமில் சாயங்காலம் காற்று பலமாக அடிக்கும். அதற்குப் பாயின் மேலேயும் கனமான மரச்சட்டங்களைப் பாரமாகக் கிடத்துவார்கள். அடர்த்தி சரியா என்று பார்க்க நடுப்பகலில் மேசையைப் பாருங்கள். வெயில் திட்டைவிட நிழல் அதிகமாக விழுந்தால் சரி. ராத்திரியில் நட்சத்திரம் தெரிந்தால் இன்னும் நல்லது.

கூரைக்கு மேலே வேறு கூரை இருக்கக் கூடாது. மரக்கிளையும் கூடாது, மேல்மாடிக்காரரின் பால்கனியும் கூடாது. இந்த ஊரில் பல கட்டடங்களில் பால்கனிகளை ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பது இதற்காகத்தான். ஆனால் முழுதாகத் தள்ளியிருக்காது. நான் இருந்த ஒரு வீட்டில் மேல்மாடித் தளம் எங்கள் பால்கனியின் உள்பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் சுக்கா கெடவில்லை. சுவரை ஒட்டிய அந்த நீட்டல் இரண்டு மீட்டருக்கும் குறைவாக இருந்தால், வீட்டுச் சுவரே மேலே போய் வளைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மீட்டருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் அது சுக்காவில் சாப்பிட்டதாகாது. சக்கர நாற்காலியை வாசற்படி தாண்டிச் சுலபமாக நிறுத்தக்கூடிய இடமோ சரியாக அதே ஒரு மீட்டர்தான்! மேசையை வெளிக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தள்ளி, பெரியவரின் தலை மூங்கிலுக்கு நேர் கீழே வரும்படி நாற்காலியை நிறுத்த வேண்டியிருந்தது. தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டேன், பின்சக்கரம் அதைத் தாண்ட வேண்டும் என்று. உங்கள் பால்கனியில் நின்று இப்போதே அண்ணாந்து பாருங்கள். வாசற்படிக்கு ஒரு சாய்வுப் பலகையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

யார் கட்டுவது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டமும் சுவரும் நீங்கள் தாராளமாக நிறுத்தலாம். யூதரல்லாதவர் நிழலுக்கென்று கூரை வேய்ந்தாலும் செல்லும் என்றுதான் அவர்கள் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பாயை விரிக்கும் வேலையை மகனிடமே விட்டுவிடுங்கள், அதை அவர்கள் கையால் செய்வதையே விரும்புவார்கள். இந்த ஆண்டு, 2026இல், யோம் கிப்பூர் நோன்பு செப்டம்பர் 21 திங்கள் இரவு முடிகிறது. அன்று இரவே ஊர் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்கும். வெள்ளி மாலைக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் சனிக்கிழமையோடு சேர்ந்து வருகிறது. அன்று பாய் நகர்ந்தாலும் விளக்கு அணைந்தாலும், நீங்களாகப் போய்ச் சரிசெய்யாமல் முதலில் வீட்டாரிடம் கேளுங்கள்.

இனி சாப்பாடு. ரொட்டியும் கேக்கும்தான் கண்டிப்பாக உள்ளே. தண்ணீர், தேநீர், பழம் எல்லாம் வீட்டுக்குள் கொடுக்கலாம். ஆகவே ராத்திரி மாத்திரைக்காகப் பெரியவரைக் குளிரில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. இன்னொன்று, உங்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்: நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் சுக்காவிலிருந்து விலக்கு உண்டு என்று அவர்களுடைய பழைய சட்ட நூலான மிஷ்னாவிலேயே எழுதியிருக்கிறது. கடும் மழைக்கும் விலக்கு உண்டு. எப்போது எழுந்து உள்ளே போகலாம் என்று கேட்டு, கிண்ணத்தில் இருக்கும் கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை விழும்போது என்று அதே நூல் பதில் சொல்கிறது. விலக்கு இருந்தும் மழையில் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பதைப் பிற்கால நூல்கள் புண்ணியமாக எண்ணவில்லை, அறியாமை என்றுதான் சொல்கின்றன. ஆனால் 86 வயதுக்காரர் இதையெல்லாம் கேட்பாரா? அவரோடு நீங்கள் வாதாட வேண்டாம். இருமல் கூடியிருக்கிறதா, கை நடுங்குகிறதா, உடல் சூடு எவ்வளவு என்று மகனிடம் சொல்லுங்கள். அவர் ரப்பியைக் கேட்டுக்கொள்வார். ரப்பி சொன்னால் பெரியவர் தட்டமாட்டார்.

சுக்கா இந்த ஏழு நாளும் மரியாதைக்குரிய இடம். சாப்பிட்டு முடித்த எச்சில் தட்டையும் சமைத்த பானையையும் அங்கே விட்டுவைக்கக் கூடாது. சக்கர நாற்காலியின் பக்கவாட்டில் நாம் மாட்டி வைக்கும் சிறுநீர்க் குப்பியை, உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் கழற்றி வையுங்கள். நம் ஆட்கள் எல்லோரும் மறப்பது இதைத்தான். கூரையில் தொங்கும் மாதுளையையும் காகிதச் சங்கிலியையும் தொடாதீர்கள், பண்டிகை முடியும்வரை அவை அலங்காரம் மட்டுமே. பழத்துக்குக் குளவி வரும், பெரியவரின் கோப்பையை மூடி வையுங்கள். சமையலறையில் பஞ்சு சுற்றிய பெட்டியில் பெரிய எலுமிச்சை மாதிரி ஒன்று இருந்தால் அது எத்ரோக், இந்தப் பண்டிகை வழிபாட்டுக்கென்று வாங்கிய பழம். நுனியில் இருக்கும் மொட்டு உடைந்தாலே அது போய்விட்டது, விலையோ அதிகம். சாலட்டுக்கு நறுக்கிய ஒருவரைப் பற்றி இங்கே இன்றும் பேசுகிறார்கள்.

நம்மவர்களில் இரண்டு வகை உண்டு. "பைத்தியக்காரத்தனம், நல்ல வீட்டை விட்டுவிட்டு வெளியே சாப்பிடுகிறார்கள்" என்று பூங்காவில் உட்கார்ந்து சிரிப்பவர்கள் ஒரு வகை. லேவியராகமத்தில் கூடாரப் பண்டிகையைப் படித்துவிட்டோம், எங்களுக்கே தெரியும் என்று வீட்டுக்காரருக்கே பாடம் நடத்துபவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு வேலை நிலைப்பதில்லை. இரண்டாம் வகைக்கு மரியாதை நிலைப்பதில்லை.

எனக்கு இதையெல்லாம் எந்த ஏஜென்டும் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டவர், இப்படி ஒரு பண்டிகை இருக்கிறது என்ற ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நான் வந்த வாரமே நோன்பு முடிந்த ராத்திரி தெருவெல்லாம் அடிக்கும் சத்தம், ஏதோ கலவரம் என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். மொழி தெரியாது, கேட்கவும் ஆளில்லை. பிறகு நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி கொச்சியிலிருந்து வந்த யூதர். எனக்கு மார்த்தாண்டத்து மலையாளம் தெரியும், அவருக்கு அங்கமாலிப் பக்கத்து மலையாளம். அதன் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஊரில் முடைந்த தென்னங்கீற்றைத்தான் சுக்காவுக்குப் போடுவார்களாம். படுக்க முடைந்த பாய் ஆகாது, கூரைக்கென்று முடைந்த கீற்று ஆகும் என்ற வேறுபாட்டை எனக்கு முதலில் விளக்கியவர் அவர்தான். கடை மூங்கில் பாயைப் பார்க்கும்போதெல்லாம் "இது ஜன்னல் திரை" என்று முகத்தைச் சுளிப்பார். சுக்காவில் மீன்குழம்பு வேண்டும் என்று பிடிவாதம். குடம்புளிக்கு நான் எங்கே போவேன்? புளியை ஊற்றி ஏமாற்றப் பார்த்தால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. ஏழு நாள் முடிந்ததும் உடனே பிரித்துவிடாதீர்கள். எட்டாம் நாளும் பண்டிகைதான், இந்த ஆண்டு அது அக்டோபர் 3 சனிக்கிழமை. ஞாயிறு காலையில் பிரித்து, மூங்கில் பாயை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டுச் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்து, அடுத்த ஆண்டு பிரிக்கும்போது பெரியவரின் தட்டில் தூளாகக் கொட்டும்.