அறைக்குள் கதவே இல்லை, ஆனாலும் திருடன் உள்ளே போனான்

கேள்வி: பிரமிடுக்குள்ள ராஜாவைப் புதைச்ச அறையைப் பொறி எல்லாம் வச்சு, பெரிய பெரிய கல்லால அடைச்சு மூடினாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி? அவ்வளவு செஞ்சும் திருடங்க எப்படி உள்ள போனாங்க?

முதலில் 'பொறி' பற்றி ஒரு விஷயம். சினிமாவில் வருவது போல அம்பு பாய்வது, தரை திறந்து ஆளை விழுங்குவது மாதிரியான ஏற்பாடு எதுவும் எகிப்திய அரச கல்லறைகளில் கிடைத்ததில்லை. அங்கே செய்தது வேறு. வருகிறவனைக் குழப்பி, அவனுடைய நாட்களையும் உழைப்பையும் வீணாக்கி, களைத்துத் திரும்பிப் போக வைப்பதுதான் நோக்கம். இந்த முறை உச்சத்துக்குப் போனது ஹவாராவில் என்பது என் கருத்து. அதனால் அந்த ஒரு பிரமிடையே எடுத்துக்கொள்கிறேன்.

ஹவாரா, கெய்ரோவுக்குத் தெற்கே ஃபாயூம் பகுதியின் வாசலில் இருக்கிறது. 12ஆம் வம்சத்து மன்னன் மூன்றாம் அமெனம்ஹத் கட்டியது. காலம், கி.மு. 19ஆம் நூற்றாண்டு. கீஸாவின் பெரிய பிரமிடு கட்டி ஏழு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பழைய பிரமிடுகள் பல கொள்ளை போய்விட்டதை இந்த மன்னனின் கட்டடக்காரர்கள் அறிந்திருப்பார்கள். பழையவற்றில் வாசல் பெரும்பாலும் வடக்கு முகத்தில்தான் இருக்கும். இவர்கள் அதைத் தெற்கில் வைத்தார்கள், அதுவும் நடுவில் இல்லாமல் சற்று ஒதுக்கி. பிரமிடின் உடல் சுடாத மண் செங்கல், மேலே மட்டும் சுண்ணாம்புக்கல் போர்வை. ஆனால் உள்ளே வைத்த கல்லில் அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை.

தெற்கு வாசலில் படிக்கட்டு இறங்கி ஒரு சிறிய அறைக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு குட்டைப் பாதை, சில அடிகளில் சுவரில் முட்டி நின்றுவிடும். வழி முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையான வழி தலைக்கு மேலே இருக்கிறது. அந்தக் கூரையே ஒரு சறுக்குக்கல். சுமார் 20 டன் எடையுள்ள குவார்ட்சைட் பாறை, பக்கவாட்டில் இழுத்து மூடும்படி அமைத்தது. குவார்ட்சைட் என்பது மணற்கல் இறுகிப் பாறையானது. செம்பு உளிக்கு அது லேசில் மசியாது.

அதைத் தாண்டி மேல்மட்டத்துக்கு ஏறினால் இரண்டு பாதைகள். ஒன்று நேராக வடக்கே போகிறது, முழுவதும் கற்களால் அடைத்து வைத்திருக்கிறது. இன்னொன்றுக்கு வெறும் மரக்கதவு. இவ்வளவு சிரத்தையாக அடைத்த பாதைக்குப் பின்னால்தான் புதையல் இருக்கும் என்று எந்தத் திருடனும் நினைப்பான். அப்படியே நினைத்து, அந்த அடைப்பைக் குடைந்துகொண்டே போயிருக்கிறார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை. மனிதனின் மனத்தை நன்றாக அறிந்தவர் ஒருவர்தான் இப்படி ஒரு வெற்றுப் பாதையை யோசித்திருக்க முடியும். எனக்கு ஹவாராவில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மரக்கதவுப் பாதையில் போனால் ஒரு திருப்பம், மறுபடி கூரையில் சறுக்குக்கல். இன்னொரு திருப்பம், மூன்றாவது சறுக்குக்கல். அதன் பிறகு ஒரு முன்னறை. அதன் தரையில் எங்கும் போகாத பொய்க் கிணறுகள். திருடன் அவற்றைத் தோண்டி ஓயட்டும் என்று வைத்தவை. கல்லறையின் மேல்பக்கத்துக்குப் போகும் வழி அதே தரையில் மறைந்திருந்தது.

அந்தக் கல்லறை அறை ஒரே கல்லில் குடைந்தது. நீளம் ஏறக்குறைய 22 அடி, அகலம் 8 அடி, உயரம் 6 அடி. குடைந்த பிறகும் எடை நூறு டன்னுக்கு மேல். பிரமிடு எழும்புவதற்கு முன்பே குழி தோண்டி இதை உள்ளே இறக்கிவிட்டார்கள். சுவரில் வாசல் கிடையாது. மேலே மூன்று பெரிய குவார்ட்சைட் பலகைகள்தான் மூடி. அவற்றில் ஒன்றை மட்டும் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள், மன்னனின் உடலை அந்த இடைவெளி வழியாக இறக்குவதற்காக.

சரி, இறக்கிய பிறகு அவ்வளவு பெரிய பலகையை, நிலத்துக்கடியில், ஆட்கள் நின்று தள்ளக்கூட இடமில்லாத இடத்தில் எப்படிக் கீழே கொண்டுவருவது? விடை மணல். பலகையைத் தாங்கிய கற்கள் மணல் நிரப்பிய குழிகளின் மேல் நின்றன. இறுதிச் சடங்கு முடிந்ததும், பக்கவாட்டில் விட்டிருந்த வழியாக மணலை வெளியேற்றினார்கள். மணல் வடிய வடிய, தாங்குகற்கள் இறங்க, பலகை மெதுவாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கயிறும் வேண்டாம், நெம்புகோலும் வேண்டாம். பாலத்துக்கும் வளைவுக்கும் கொடுத்த சாரத்தை இறக்குவதற்கு மணல் பெட்டி வைக்கும் முறை பிற்காலக் கட்டுமானத்திலும் உண்டு, தத்துவம் ஒன்றுதான். மூடிய பலகைக்கு மேலே சுண்ணாம்புக்கல் உத்தரங்களைக் கூரை போலச் சாய்த்து நிறுத்தி, அதற்கும் மேலே செங்கல் வளைவு கட்டி, பிரமிடின் பாரம் அறை மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

1888-89இல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அங்கே தோண்டினார். அவருக்கும் வாசல் அகப்படவில்லை. வடக்கிலிருந்து செங்கல்லுக்குள் சுரங்கம் வெட்டி, நேராக அறையின் மேல் போய்ச் சேர்ந்தார். உள்ளே நிலத்தடி நீர் நிரம்பிக் கிடந்தது. அங்கிருந்து பாதைகளில் பின்னோக்கிப் போய்த்தான், சேற்றில் ஊர்ந்து, தெற்கு வாசலை உள்ளிருந்தே கண்டுபிடித்தார். திருடர்கள் அவருக்கு மிக முன்பே வந்து போயிருந்தார்கள். கூரைப் பலகையில் துளை போட்டு உள்ளே இறங்கியிருந்தார்கள். அரசனின் உடலை எரித்திருந்தார்கள். கருகிய எச்சங்களும் ஆபரண வேலைப்பாட்டிலிருந்து உதிர்ந்த கல் துண்டுகளும்தான் பீட்ரிக்குக் கிடைத்தன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஹவாராவைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். மூன்று சறுக்குக்கற்களில் இரண்டாவதும் மூன்றாவதும் இழுத்து மூடப்படவே இல்லை. அவை தங்கள் பள்ளத்திலேயே இருந்தன. அத்தனை டன் கல்லை வெட்டி, கொண்டுவந்து, பொருத்தி வைத்துவிட்டு, கடைசி நாளில் யாரும் அதை நகர்த்தவில்லை. கட்டியது ஒரு தலைமுறையின் திறமையான ஆட்கள். மூடும் வேலையோ அரசன் இறந்த பிறகு, சடங்கு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், அவனால் இனி எதையும் மேற்பார்வை பார்க்க முடியாத நேரத்தில் நடப்பது. வேலை முடிந்ததா என்று உள்ளே போய்ப் பார்க்கவும் வழியில்லை. நான் இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

இரண்டாவது காரணம் கல்லிலேயே இருக்கிறது. அடைப்புக்கல் எவ்வளவு கடினமானாலும், அதைச் சுற்றி இருப்பது சுண்ணாம்புக்கல். வேறு வழி இருக்கும்வரை கடினமானதோடு யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள், பக்கத்திலுள்ள மென்மையானதைக் குடைந்து சுற்றிப் போய்விடுவார்கள். கீஸா பெரிய பிரமிடிலும் இதே கதைதான். ஏறுபாதையின் அடியில் செருகிய மூன்று கிரானைட் அடைப்புகள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. உள்ளே போனவர்கள் அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து போனார்கள். தவிர, பிரமிடு என்பது ஒளிக்க முடியாத அடையாளம். காவல் பலமாக இருக்கும் வரை சரி. அரசு தளர்ந்த காலத்தில் திருடனுக்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். அவகாசம் கிடைத்தவனை எந்தக் கல்லும் நிறுத்தாது.

மூன்றாவது, ஆட்கள். இதற்குத் திருடனின் வாக்குமூலமே நம்மிடம் இருக்கிறது. மன்னன் ஒன்பதாம் ராமசேஸ் ஆட்சியின் 16ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 1110 வாக்கில், தீப்ஸ் நகரில் விசாரணை நடந்தது. அமென்பனுஃபர் என்ற கல்தச்சன் பிடிபட்டான். அவன் சொன்னது பாப்பிரஸ் சுருளில் பதிவாகி இன்றும் இருக்கிறது. செம்புக் கருவிகளோடு போய், 17ஆம் வம்சத்து மன்னன் சோபெகெம்சாஃபின் சிறிய பிரமிடைக் குடைந்தார்கள். அடைத்து வைத்திருந்த இடிபாட்டை உடைத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மன்னன் ஓரிடத்திலும், அரசி நுப்காஸ் பக்கத்திலும் கிடந்தார்கள். அரசியின் இடத்தைச் சாந்து பூசி, இடிபாடு போட்டு மூடியிருந்தார்கள். அதையும் உடைத்தார்கள். தங்கத்தை உரித்துக்கொண்டு சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். கிடைத்த தங்கம் 160 டெபன், இன்றைய கணக்கில் 14 கிலோவுக்கு மேல். எட்டுப் பங்கு போட்டார்கள், ஆளுக்கு 20 டெபன்.

அவனுடைய கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கவனியுங்கள்: கல்தச்சர்கள், மரத்தச்சர், ஆற்றைக் கடத்திவிட ஒரு படகோட்டி. கல்லை எப்படிப் பொருத்துவார்கள், எங்கே தட்டினால் வழி விடும் என்பது இவர்களுடைய தொழிலறிவு. அமென்பனுஃபர் அமுன் கோயில் பணியைச் சேர்ந்தவன்தான்.

இந்த வாக்குமூலத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. அவன் இதற்கு முன்பே ஒரு முறை பிடிபட்டிருக்கிறான். தன் பங்கான 20 டெபனை அப்படியே ஒரு எழுத்தருக்குக் கொடுத்ததும், அவர் விட்டுவிட்டார். திரும்பிப் போனதும் கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடு கொடுத்தார்கள். இன்றுவரை நானும் மற்றவர்களும் இதே தொழிலைச் செய்கிறோம், ஊரில் நிறைய பேர் செய்கிறார்கள் என்று அவனே சொல்கிறான். காவலும் கணக்கும் இப்படிப் போன பிறகு, உள்ளே எத்தனை டன் கல் இருந்தால் என்ன?

அப்படியானால் எதுதான் தப்பித்தது என்று நீங்கள் கேட்கலாம். ஹவாராவிலேயே அதற்கும் பதில் உண்டு. அமெனம்ஹத்தின் மகள் நெஃபெருப்தாவுக்குத் தந்தையின் பிரமிடிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறிய பிரமிடு கட்டினார்கள். அதற்கு வாசல் இல்லை, பாதை இல்லை, சறுக்குக்கல் இல்லை. குழியில் அடக்கம் செய்து, மேலே பெரிய சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பரப்பி, அதன் மேலேயே பிரமிடை எழுப்பிவிட்டார்கள். 1956இல் திறந்தபோது உடல் நிலத்தடி நீரில் கரைந்து போயிருந்தது. ஆனால் நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் உள்ளேயே இருந்தன. பாதை என்ற ஒன்று இருந்தால்தானே அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.