15 சென்ட் கத்தரிக்கு உரக் கணக்கு

“பண்ருட்டி பக்கம் 15 சென்ட்ல கத்தரி. ஹெக்டேருக்கு தழை 100, மணி 50, சாம்பல் 30 கிலோன்னு போட்டிருக்கு. எனக்கு எவ்வளவு?”

ஒரு ஹெக்டேர் 247 சென்ட். அதனால் ஒவ்வொன்றையும் 247-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: தழை 6 கிலோ, மணி 3, சாம்பல் 1.8. வரப்பு, வாய்க்காலை மட்டும் கழித்துவிட்டு நட்ட இடத்துக்குக் கணக்கிடுங்கள்.

இதையே மூட்டைக் கணக்காக எடுத்து 6 கிலோ யூரியா வாங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. அது சத்தின் எடை, உரத்தின் எடை இல்லை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான், அதனால் பாதிகூடப் போய்ச் சேராது, கீழ் இலைகள் வெளிறும்போதுதான் தெரியும்.

முதலில் மணிச்சத்தைப் பாருங்கள். டி.ஏ.பி.யில் மணி 46 சதவீதம், ஆக 3-ஐ 0.46-ஆல் வகுத்தால் 6.5 கிலோ. அதிலேயே தழையும் 18 சதவீதம் இருக்கிறது, கிட்டத்தட்ட 1.2 கிலோ, இதைக் கழிக்க மறந்தால் செடி தழைத்துக்கொண்டே போகும், காய் பிடிக்காது. மீதி 4.8 கிலோ தழைக்கு யூரியா 10.5 கிலோ. பொட்டாஷில் சாம்பல் 60 சதவீதம், ஆக 1.8-க்கு 3 கிலோ போதும்.

அடியுரமாக டி.ஏ.பி., பொட்டாஷ் முழுவதும், யூரியா 4 கிலோ. மீதி 6.5 கிலோ யூரியாவை நட்ட 30-ஆம் நாள் மண் அணைக்கும்போது கொடுங்கள். கையளவில் போடாமல் கடைத் தராசிலேயே நிறுத்துத் தனித்தனிப் பையில் வாங்கி வந்துவிடுங்கள்.