வயிற்றுப்புண்ணும் கிருமிப் பரிசோதனையும்: இரைப்பை குடல் மருத்துவரின் பதில்கள்

செல்வராணி, தேனி: என் கணவர் காலையில் சாப்பிடவே மாட்டார், காரமும் அதிகம் சேர்த்துக்கொள்வார். அதனால்தான் அல்சர் வந்தது என்று வீட்டில் சொல்கிறோம். சரிதானே டாக்டர்?

காரமும் பட்டினியும் ஏற்கெனவே இருக்கும் புண்ணின் எரிச்சலைக் கூட்டலாமே தவிர, புண்ணை உண்டாக்குவதில்லை. இரைப்பையிலும் அதை அடுத்த முன்சிறுகுடலிலும் வரும் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு காரணங்களே உள்ளன. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. மற்றொன்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். இரைப்பைச் சுவரின் மீதுள்ள சளிப்படலம் குறையாமல் இருக்க உடல் சுரக்கும் பொருளை இம்மாத்திரைகள் தடுத்துவிடுவதால், அமிலம் சுவரையே தாக்குகிறது. பாக்டீரியாவோ சளிப்படலத்துக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் அழற்சியை வளர்க்கிறது. கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது என்றாலும், தொற்றியவர்களில் பலருக்குப் புண் வருவதே இல்லை.

அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அப்போதும் பலர் ஏற்காததால், 1984இல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கணவர் காலை உணவைத் தவறாமல் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் அவர் வலி மாத்திரை எடுக்கிறாரா என்பதையும், கிருமிப் பரிசோதனை நடந்ததா என்பதையும் முதலில் பாருங்கள்.

முருகானந்தம், சேலம்: பல ஆண்டுகளுக்கு முன் இந்தக் கிருமிக்கு மருந்து சாப்பிட்டேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்திருக்கிறது. கிருமி திரும்ப வந்துவிட்டது என்பது உறுதிதானே?

ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அது பல மாதங்கள், சில வேளை ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும். ஆகவே உங்கள் முடிவு, கிருமி ஒரு காலத்தில் இருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. இப்போது இருக்கிறதா என்பதை மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோதான் சொல்லும். இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு மறுபடியும் ஆன்டிபயாடிக் தொடங்காதீர்கள்.

சிவகாமி, விருதுநகர்: என் அண்ணனுக்கு வயது 46. மூட்டுவலிக்கு மாத்திரை எடுத்துவந்தவர், கறுப்பாக மலம் போய் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்து, ஊசி மருந்தெல்லாம் போட்டு மூன்றாம் நாள் எண்டோஸ்கோபி பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண், கிருமி இல்லை என்றார்கள். வலி மாத்திரையை அன்றோடு விட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் புண். கிருமியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால் புண் எப்படி வரும்?

அம்மா, அந்த 'கிருமி இல்லை' என்ற முடிவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எண்டோஸ்கோபியின்போது இரைப்பையிலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கிள்ளி, யூரியா உள்ள மஞ்சள் நிற ஜெல்லில் வைப்பார்கள். கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குவதால் ஜெல் இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் ரத்தம் கசியும் நேரத்தில் இச்சோதனை கிருமியைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கும். அதோடு, உங்கள் அண்ணனுக்குப் போட்ட ஊசிகளில் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து நிச்சயம் இருந்திருக்கும். அது கிருமியைக் கொல்லாமல் எண்ணிக்கையில் குறைத்து, இரைப்பையின் மேற்பகுதிக்குத் தள்ளிவிடும். அப்போது கீழ்ப்பகுதியில் கிள்ளிய துணுக்கில் ஒன்றும் தெரியாது. ரத்தக் கசிவின்போது வந்த பாசிட்டிவை நம்பலாம். நெகட்டிவை மட்டும் பின்னர் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

இப்போது மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் பான்டோபிரசோல் வகை மருந்தை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். ஒருமுறை ரத்தம் கசிந்தவர் என்பதால் அவராகவே நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டு, இடைப்பட்ட நாட்களுக்கு மாற்று மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கடையில் பெயர் தெரியாமல் வாங்கும் உடல்வலி மாத்திரைகளிலும் டைக்ளோஃபெனாக் இருப்பதுண்டு. ஆகவே அவர் உண்மையிலேயே விட்டுவிட்டாரா என்று அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.

ஆய்வக நுட்பனர், மதுரை: எங்கள் ஆய்வகத்தில் கார்பன் 13 யூரியா தந்து மூச்சுப் பரிசோதனை செய்கிறோம். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதச் சொல்லி, யூரியா கலந்த பானத்தைக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதச் சொல்வோம். கிருமி இருந்தால் இரண்டாவது பையில் அந்தக் கார்பன் கூடியிருக்கும். என் அனுபவத்தில், 'மாத்திரை எதுவும் எடுக்கவில்லை' என்று சொல்பவர்களில் பலர் காலையில் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

மிகச் சரியாகச் சொன்னீர்கள். பலருக்கு அது ஒரு மருந்தாகவே தோன்றுவதில்லை. 'மாத்திரை எடுத்தீர்களா' என்று கேட்பதற்குப் பதிலாக 'கேஸ் மாத்திரை போட்டீர்களா' என்றே கேளுங்கள். சரியான பதில் வரும். கார்பன் 13 கதிரியக்கம் இல்லாதது. சில இடங்களில் கார்பன் 14 பயன்படுத்துகிறார்கள். அதைக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை.

ரஹீம், நாகப்பட்டினம்: எனக்கு ஆஸ்துமா உண்டு. சென்ற மாதம்தான் மூச்சுப் பரிசோதனையில் குழாயில் ஊதினேன், நார்மல் என்றார்கள். அப்படியானால் எனக்குக் கிருமி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஐயா, நீங்கள் செய்தது நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை. அதற்கும் இரைப்பைக் கிருமிக்கும் தொடர்பில்லை. யூரியா மூச்சுப் பரிசோதனைக்குப் பலமாக ஊதத் தேவையில்லை. அதுவும் சிரமம் என்றால், மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனை ஏறக்குறைய அதே அளவு நம்பகமானது. மாத்திரைகளை நிறுத்தும் கால அளவு அதற்கும் பொருந்தும்.

சிவகாமி, விருதுநகர்: நீங்கள் சொன்னபடியே செய்தோம், பாசிட்டிவ் வந்தது. 14 நாளுக்கு நான்கு வகை மருந்து எழுதியிருக்கிறார்கள். ஆறாம் நாளே வலி போய்விட்டது. வாய் கசக்கிறது, மலம் மறுபடியும் கறுப்பாகப் போகிறது. அண்ணன் பயந்து நிறுத்தப் பார்க்கிறார்.

வலி போனதற்குக் காரணம் அமிலம் குறைந்ததுதான். கிருமி இன்னும் முழுதாக ஒழியவில்லை. இப்போது நிறுத்தினால், மிஞ்சிய கிருமிகள் அந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்காதவையாக மாறக்கூடும். அடுத்த முறை வேறு மருந்துகளைத் தேட வேண்டியிருக்கும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவை போன்ற கசப்பைத் தரும், பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், இரண்டும் எதிர்பார்த்தவையே. ஆனால் அவர் ஏற்கெனவே ரத்தம் கசிந்தவர். மலம் தார்போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ, தலைசுற்றல், படபடப்பு இருந்தாலோ பிஸ்மத் என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடவே கூடாது.

சளி, தொண்டைவலிக்கெல்லாம் அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளாரித்ரோமைசின் பலமுறை பலனளிப்பதில்லை. உங்கள் மருத்துவர் அதை விட்டுவிட்டு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியவற்றோடு அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்ந்த முறையைத் தேர்ந்தது அதனாலாக இருக்கலாம். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கடைசி இரண்டு வாரம் அமில மருந்தும் இல்லாத நிலையில், மூச்சுப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதில் நெகட்டிவ் வந்தால்தான் கிருமி ஒழிந்ததாகக் கொள்ளலாம். முன்சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக மறுபடி எண்டோஸ்கோபி தேவைப்படாது. இரைப்பையிலேயே வந்த புண் என்றால், அது புற்றுநோய் அல்ல என்று துணுக்கெடுத்து உறுதிசெய்து, ஆறியதா என்றும் பார்ப்போம்.

கோமதி, திருச்சி: மாமனார் இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுக்கிறார். இந்தப் பதில்களைப் படித்ததும் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். வீட்டில் எல்லோருமே கிருமிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

ஆஸ்பிரினை அவராக நிறுத்தக் கூடாது. அதனால் மாரடைப்பே வரலாம். முன்பு புண் வந்தவராக இருந்தால் கிருமியைச் சோதித்து ஒழித்துவிட்டு, அமிலம் குறைக்கும் மருந்தோடு ஆஸ்பிரினைத் தொடர்வதே வழக்கம்; அதை அவருடைய இதய மருத்துவரோடு பேசுங்கள்.

வீட்டில் உள்ள அனைவரையும் சோதிப்பது பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே வீட்டுக்குள் கிருமி பரவுவது உண்மை என்பதால் எல்லோரையும் சோதித்து மருந்து தர வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். தொந்தரவே இல்லாதவர்களுக்கு அத்தனை ஆன்டிபயாடிக் கொடுப்பது கிருமிகளின் எதிர்ப்பாற்றலைத்தான் வளர்க்கும் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் சோதித்துக்கொள்ளச் சொல்கிறேன்; தொந்தரவு எதுவும் இல்லாத மற்றவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.