ஸ்டூல் வாங்கும் முன் மேடையின் உயரத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: எங்கள் வீடு காட்பாடியில் இருக்கிறது. சின்ன சமையலறை. ஹாலுக்கும் அதற்கும் நடுவே 6 அடி நீளத்துக்கு, மேலே பாரம் இல்லாத, நாலரை இன்ச் செங்கல் சுவர். அதைப் பாதி உயரத்துக்கு இடித்து, மேலே கிரானைட் போட்டு, ஹால் பக்கம் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட நினைக்கிறோம். நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 68 வயது. 30 இன்ச் உயர ஸ்டூல் பார்த்து வைத்திருக்கிறோம். மேடையின் உயரமும் அகலமும் எவ்வளவு இருக்கலாம்?

பதில்: அந்த ஸ்டூலை வாங்க வேண்டாம். அது 42 இன்ச் உயர மேடைக்குப் பொருந்துவது. உட்காரும் இடத்துக்கும் மேடையின் மேல்பரப்புக்கும் 10 முதல் 12 இன்ச் இடைவெளி இருந்தால்தான் கை இயல்பாகத் தட்டுக்குப் போகும். இடைவெளி கூடினால் தோளைத் தூக்கிச் சாப்பிட வேண்டியிருக்கும். குறைந்தால் தொடை இடிக்கும்.

பலரும் அடுப்பு மேடையின் உயரத்துக்கே, அதாவது 34 இன்ச்சுக்கு இதையும் கட்டி, 23 இன்ச் ஸ்டூல் போடுகிறார்கள். காலையில் காபியும் இரண்டு இட்லியும் என்றால் அது சரி. ஆனால் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று அரை மணி நேரம் உட்காருவது வேறு. 23 இன்ச்சில் பெரும்பாலானவர்களுக்குக் கால் தரையைத் தொடாது. கால் வைக்கக் கம்பி இல்லாவிட்டால் தொடையின் அடிப்பக்கம் ஸ்டூலின் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். உங்கள் அம்மாவுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருக்கும். ஸ்டூலில் பிடித்து எழக் கையும் இருக்காது, சாய முதுகும் இருக்காது.

அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது 30 இன்ச் மேடை, 18 இன்ச் உயரமுள்ள சாதாரண நாற்காலி. பார்க்க ஓட்டல் கவுண்டர் மாதிரி இருக்காது, இருக்கட்டும். இதில் ஒரு குறை உண்டு: சமையலறைப் பக்கம் நின்று காய் நறுக்க இந்த மேடை தாழ்வாக இருக்கும், குனிய வேண்டிவரும். நறுக்குவதை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அகலம். மேடை தாழத் தாழ முட்டி முன்னால் நீளும். 42 இன்ச் உயரத்தில் 12 இன்ச் முட்டியிடம் போதும், 36-ல் 15 வேண்டும், 30-ல் 18 வேண்டும். பூச்சோடு சேர்த்து உங்கள் சுவர் சுமார் 6 இன்ச் வரும். அதற்கு மேல் 18 இன்ச் ஹால் பக்கம் நீட்டினால் மொத்தம் 24 இன்ச். 12 இன்ச் எவர்சில்வர் தட்டு, அதற்கு முன்னால் டம்ளரும் கிண்ணமும் வைத்தாலும், சுவருக்கு மேலே இருக்கும் பகுதியில் சாம்பார்ச் சட்டிக்கும் இடம் கிடைக்கும். சுவரையும் சேர்த்து மொத்தமே 18 இன்ச் மட்டும் போட்டு மிச்சம் பிடித்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

ஒருவருக்கு 24 இன்ச் நீளம் என்று வைத்தால் 6 அடியில் மூன்று பேர்தான். நான்காவது ஆள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார். அது யார் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அப்படி வேண்டாம் என்றால் கிரானைட்டை சுவர் முடியும் இடத்திலிருந்து இன்னும் 18 இன்ச் நீட்டி, மூலைகளில் கால் கொடுத்து, அந்த முனையில் ஒரு நாற்காலி போடுங்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் ஆள் நடக்க வேண்டுமானால், மேடை விளிம்பிலிருந்து எதிர்ச் சுவரோ சோபாவோ 44 இன்ச் தள்ளி இருக்கட்டும்.

தவறு நடக்கிற இடம் தாங்கல்தான். கடையில் கிடைக்கும் கிரானைட் 18 மில்லிமீட்டர் கனம் இருக்கும். உங்கள் அளவுக்கு, முனையில் நீட்டும் 18 இன்ச்சையும் சேர்த்தால், அது மட்டுமே கிட்டத்தட்ட 70 கிலோ. 18 இன்ச் அந்தரத்தில் நின்றால், யாராவது கையூன்றி எழும்போது சுவர் விளிம்பை ஒட்டி விரிசல் விடும். நாலரை இன்ச் சுவரில் வெறும் போல்ட் அடித்து மாட்டிய ஆங்கிளும் நாளடைவில் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். சுவரின் தலையில் கம்பி கட்டி 3 அல்லது 4 இன்ச்சுக்குக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். இரும்பு ஆங்கிளை அதற்குள்ளேயே புதைத்து, கிரானைட் விளிம்புக்கு 3 இன்ச் முன்னால் வரை நீட்டச் சொல்லுங்கள். 24 இன்ச்சுக்கு ஒன்று, அதுவும் இரண்டு நாற்காலிக்கு நடுவே வருகிற மாதிரி. இல்லையென்றால் முட்டி நேராகப் போய் இரும்பில் மோதும்.

கான்கிரீட் போடும் முன் மேஸ்திரியிடம் ஒன்றைக் கேளுங்கள்: 30 இன்ச் எங்கிருந்து அளந்தது? சமையலறைத் தரை ஹாலைவிட ஒரு இன்ச் தாழ்ந்திருப்பது சகஜம். நாற்காலி போடப்போவது ஹாலில். எனவே ஹாலின் டைல்ஸ் மேலிருந்து கிரானைட்டின் மேல்முகம் வரைதான் கணக்கு. தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டும் எண்ணம் இருந்தால் அதன் கனத்தையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.